ஓஸ்கி தேர்வில் தாள்கள்: இந்தியாவில் படித்த செவிலியர் மாற்றிக்கொள்ள வேண்டிய எழுத்துப் பழக்கங்கள்

"மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனை மெடிக்கல் வார்டில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். இங்கிலாந்துப் பதிவுக்கான சி.பி.டி. என்ற கணினித் தேர்வில் தேறிவிட்டேன், இன்னும் பத்து வாரத்தில் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. செய்முறைகள் கைக்குப் பழகியவைதான். ஆனால் அங்கே சார்ட் எழுதும் முறையும் சொற்களும் வேறு என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?"

தாள்களிலிருந்தே தொடங்குங்கள். நானும் தமிழ்நாட்டில் படித்து, அங்கேயே சில ஆண்டுகள் வார்டில் இருந்துவிட்டு வந்தவள். இப்போது புதிதாக வரும் செவிலியர்களுக்கு ஓஸ்கி பயிற்சி தருகிறேன். ஊசி போடத் தெரியாமல் தவறியவர்களைவிட, எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு அதைத் தாளில் நம் ஊர் வழக்கப்படி எழுதித் தவறியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

2021 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ள வடிவத்தில் ஓஸ்கிக்கு 10 நிலையங்கள் உண்டு. அவற்றில் நான்கு ஒரே நோயாளியைத் தொடர்பவை: முதலில் அவரை மதிப்பிட வேண்டும், அடுத்து பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும், பிறகு மருந்து தர வேண்டும், கடைசியில் இன்னொரு செவிலியரிடம் ஒப்படைக்க வேண்டும். மற்ற நான்கு செய்முறைத் திறன்கள். எஞ்சிய இரண்டு எழுத்து வடிவிலானவை. உங்கள் கேள்வி முதல் நான்கைப் பற்றியது என்பதால் அவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரே நோயாளியை வைத்துச் சொன்னால் விளங்கும். கற்பனை நோயாளிதான் என்றாலும், எந்த வார்டிலும் எந்த நாளும் படுத்திருக்கக்கூடியவர்.

அவருக்கு வயது 62. நெஞ்சுச்சளித் தொற்றோடு வந்திருக்கிறார், நிமோனியா என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். மூச்சு நிமிடத்துக்கு 22. மூக்குக்குழாய் வழியாக 2 லிட்டர் ஆக்சிஜன் போகிறது, அதில் இரத்த ஆக்சிஜன் செறிவு 94 விழுக்காடு. இரத்த அழுத்தம் 108/64, நாடி 104, காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ். நன்றாக விழித்திருக்கிறார், கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார். நம் ஊர் நர்ஸஸ் ரெக்கார்டில் இவரைப் பற்றி என்ன எழுதுவோம் என்பதை நீங்களே ஊகிக்கலாம். என் முதல் மாதிரித் தேர்வில், ஏறத்தாழ இதே போன்ற நோயாளிக்கு, "வைட்டல்ஸ் ஸ்டேபிள், ஃபெப்ரைல், டியூட்டி டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். பயிற்சியாளர் மூன்றே கேள்விகள் கேட்டார்: எந்த டாக்டர், எத்தனை மணிக்கு, அவர் என்ன சொன்னார்? மூன்றுக்கும் என் தாளில் பதில் இல்லை.

இங்கே அந்த எண்களை 'நியூஸ் 2' என்ற தாளில் குறிக்க வேண்டும். ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017 டிசம்பரில் வெளியிட்ட, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் அளவுமுறை இது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. நம் நோயாளிக்குக் கூட்டிப் பாருங்கள். மூச்சு 21 முதல் 24 வரை என்றால் 2. செறிவு 94 அல்லது 95 என்றால் 1. ஆக்சிஜன் போகிறது என்பதற்கே தனியாக 2. மேல் அழுத்தம் 101 முதல் 110 வரை என்றால் 1. கீழ் அழுத்தத்தைத் தாளில் குறிக்க வேண்டும், ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது. நாடி 91 முதல் 110 வரை என்றால் 1. தெளிந்த உணர்வுக்கு 0. வெப்பநிலை 38.1 முதல் 39.0 வரை என்றால் 1. மொத்தம் 8.

தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணும் நம்மைத் திடுக்கிட வைப்பதில்லை. மூச்சு கொஞ்சம் கூடுதல், காய்ச்சல் இருக்கிறது, பிரஷர் சற்றுக் குறைவு, அவ்வளவுதானே என்று நாம் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். ஆனால் 7 அல்லது அதற்கு மேல் என்பது இங்கே அவசரநிலை. உடனே மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும், நோயாளியைத் தொடர் கண்காணிப்பில் வைக்க வேண்டும். 5 அல்லது 6 என்றால் விரைவாக மருத்துவரை வரவழைத்து, குறைந்தது மணிக்கு ஒருமுறை அளவு எடுக்க வேண்டும். 1 முதல் 4 வரை என்றால் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும்; ஆனால் ஏதாவது ஒரு அளவீடு மட்டுமே தனியாக 3 வாங்கிவிட்டால், மொத்தம் குறைவாக இருந்தாலும் மணிக்கு ஒருமுறைதான்.

நம்மவர்கள் தவறும் இடங்கள் இதில் மூன்று. முதலாவது, ஆக்சிஜனுக்கான 2 மதிப்பெண். செறிவைக் குறித்துவிட்டு, அது காற்றிலா ஆக்சிஜனிலா என்ற வரியை விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன நோயாளிக்கு அதை விட்டால் 8 என்பது 6 ஆகிவிடுகிறது, அதாவது அவசர அழைப்பே போகாது. இரண்டாவது, மூச்சு எண்ணிக்கை. உண்மையைச் சொல்வதென்றால், நம் ஊரில் பாதி வார்டுகளில் எல்லா நோயாளிக்கும் 20 அல்லது 22 என்றுதான் எழுதப்பட்டிருக்கும். ஓஸ்கியில் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், நீங்கள் எண்ணுவதைத் தேர்வாளர் பார்க்க வேண்டும். மூன்றாவது, உணர்வு நிலை. விழிப்பு, குரலுக்குப் பதில், வலிக்குப் பதில், பதிலே இல்லை என்ற நான்கையும் நாம் படித்திருக்கிறோம்; இங்கே இவற்றோடு 'புதிதாக வந்த குழப்பம்' என்ற ஒன்றும் சேர்ந்திருக்கிறது, அதற்கு நேராக 3. இதே நோயாளி இன்று காலை முதல் நாள், கிழமை மறந்து பேசுகிறார் என்றால் மொத்தம் 11. எனவே "கான்ஷியஸ், ஓரியன்டட்" என்று பழக்கத்தில் எழுதிவிடாமல், இடமும் நாளும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் குறிக்க வேண்டும்.

செறிவுக்கு இரண்டு அளவுகோல்கள் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டாவது, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் நோயாளிகளுக்கு, இலக்கு 88 முதல் 92 வரை என்று மருத்துவர் குறித்திருந்தால் மட்டும். சி.ஓ.பி.டி. என்ற நாட்பட்ட நுரையீரல் நோயின் பெயரைக் கண்டதுமே அதற்குத் தாவக் கூடாது.

காய்ச்சலைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் மனம் ஃபாரன்ஹீட்டில் யோசிக்கிறது. 101 என்றால் காய்ச்சல், 103 என்றால் கடும் காய்ச்சல் என்று உடனே தெரிகிறது, 38.4 என்றால் ஒரு நொடி நிற்கிறோம். கணக்குப் போட்டு மாற்றுவதை விட்டுவிட்டு மூன்று இடங்களை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: 98.6 என்பது 37, 100.4 என்பது 38, 102.2 என்பது 39. நியூஸ் 2 தாளில் மதிப்பெண் ஏறும் கோடுகளும் 38, 39 இவற்றைத் தாண்டும்போதுதான் வருகின்றன என்பதால் இந்த மூன்றுமே போதும். சர்க்கரையும் அப்படித்தான். நாம் 180 என்பதை இங்கே 10 என்கிறார்கள். 18 ஆல் வகுத்தால் வரும் மில்லிமோல் கணக்கு அது. தாழ்சர்க்கரைக்கு 4 என்பதே எல்லை, அது நம் கணக்கில் 72. ஹீமோகுளோபின் 9.5 என்று நாம் எழுதுவது இங்கே 95 என்று வரும், கிராமை டெசிலிட்டருக்குப் பதில் லிட்டருக்குச் சொல்வதால். முதல் முறை 95 என்ற எண்ணைப் பார்த்து ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும், அது நான்தான்.

அடுத்தது பராமரிப்புத் திட்டம். கல்லூரியில் நர்சிங் டயக்னோசிஸ் எழுதி எழுதிக் கை தேய்ந்தவர்கள் நாம், எனவே இது எளிது என்று தோன்றும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தாளில் இரண்டு பிரச்சினைகளை எழுதச் சொன்னால், முதலாவதாக "நிமோனியா" என்று எழுதுகிறார்கள். அது மருத்துவரின் நோயறிதல். செவிலியரின் பிரச்சினை "நெஞ்சுத் தொற்றால் மூச்சு விடச் சிரமம்" என்பது. அதற்கு எதிரே நோக்கம் எழுத வேண்டும். "மூச்சு நன்றாக ஆக வேண்டும்" என்பது நோக்கம் ஆகாது. "24 மணி நேரத்துக்குள் மூச்சு எண்ணிக்கை 12 முதல் 20க்குள் வர வேண்டும், செறிவு 94 முதல் 98க்குள் நிற்க வேண்டும்" என்றால் அதை நாளை வேறொருவர் வந்து சரிபார்க்க முடியும். மறுமதிப்பீடு செய்யும் நாளையும் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு.

செயல்களை எழுதும்போது, எத்தனை முறை, யார், எப்படி என்பது இருக்க வேண்டும். "வைட்டல்ஸ் மானிட்டர் செய்க" என்பதற்குப் பதிலாக, மொத்தம் 8 என்பதால் தொடர் கண்காணிப்பு, மருத்துவக் குழுவுக்கு உடனடித் தகவல் என்று எழுதுங்கள். முந்தைய தாளும் இந்தத் தாளும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்தல், ஆழ மூச்சு விடக் கற்றுத்தருதல், எழுதப்பட்ட அளவுப்படி ஆக்சிஜன், அழைப்பு மணி கைக்கு எட்டும்படி வைத்தல் என்று தொடருங்கள். "எழுதப்பட்ட அளவுப்படி" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இங்கே ஆக்சிஜனும் மருந்துத் தாளில் இலக்கோடு எழுதப்படும் ஒரு மருந்து. உயிர் போகும் அவசரத்தைத் தவிர, நாமாகத் திருகிக் கூட்டுவதில்லை.

இந்தத் தாளில் சுருக்கெழுத்துகள் கூடாது. கறுப்பு மையில் மட்டும் எழுத வேண்டும். பகலுக்கு நீலம், இரவுக்குச் சிவப்பு என்ற நம் ஊர் வழக்கத்தை விமானத்தில் ஏறும்போதே விட்டுவிடுங்கள். தவறாக எழுதிவிட்டால் அடித்த சொல் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, கையெழுத்தும் தேதியும் நேரமும் போட வேண்டும். ஓர் எண்ணின் மேலேயே இன்னோர் எண்ணை எழுதித் திருத்துவது நம்மிடம் மிகச் சாதாரணம். இங்கே அது ஆவணத்தைச் சிதைத்ததாகவே பார்க்கப்படும். நேரம் 24 மணிக் கணக்கில். முடிவில் கையெழுத்தோடு பெயரையும் அச்செழுத்தில் எழுத வேண்டும்.

மருந்து தரும் நிலையம்தான் கண்ணி வைக்கும் நிலையம். நம் நோயாளியின் மருந்துத் தாளில் கோ-அமாக்ஸிகிளாவ், பாராசிட்டமால் 1 கிராம், கோ-கோடமால் மூன்றும் எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். தாளின் தலைப்பில் ஒவ்வாமைக் கட்டத்தில் "பெனிசிலின், தோல் தடிப்பு" என்று இருக்கிறது.

நம் ஊரில் ஆன்டிபயாட்டிக் ஊசி என்றால் முதலில் டெஸ்ட் டோஸ் போடுவோம், தோல் தடிக்கவில்லை என்றால் முழு அளவையும் தருவோம். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் வேலையை அந்தத் துளியிடம் ஒப்படைத்துப் பழகியதால், தாளின் மூலையில் உள்ள கட்டத்தைப் படிக்கும் பழக்கம் நமக்குக் குறைவு. இங்கே வழக்கமாக டெஸ்ட் டோஸ் என்பதே கிடையாது. நோயாளியிடம் கேட்பது, கட்டத்தில் இருப்பது, கைப்பட்டையில் இருப்பது, இவை மூன்றுதான் பாதுகாப்பு. எனவே பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கைப்பட்டையோடும் தாளோடும் ஒப்பிட வேண்டும், "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்பார். பிறகு ஒவ்வாமை உண்டா, உண்டென்றால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும்.

கோ-அமாக்ஸிகிளாவில் இருப்பது அமாக்சிசிலின், அது பெனிசிலின் குடும்பம். தரக் கூடாது. ஆனால் தராமல் விட்டதோடு வேலை முடியவில்லை. அந்த நேரக் கட்டத்தில், தாளின் ஓரத்தில் அச்சிட்டுள்ள 'தரவில்லை' குறியீட்டை எழுதிக் கையெழுத்திட்டு, காரணத்தையும் யாரிடம் சொன்னோம் என்பதையும் குறித்து, மாற்று மருந்து எழுதும்படி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தால் தேர்வாளருக்கு நீங்கள் கவனித்து நிறுத்தினீர்களா, மறந்தே போனீர்களா என்பது தெரிய வழியில்லை. அடுத்து, கோ-கோடமாலின் ஒவ்வொரு மாத்திரையிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது; அதனால் அதையும் பாராசிட்டமாலையும் சேர்த்துத் தரக் கூடாது. நம் ஊரில் டோலோ என்றும் வேறொரு பிராண்டு என்றும் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த இரட்டிப்பு கண்ணில் படுவதில்லை. இங்கே பெரும்பாலும் மூலப்பெயரில்தான் எழுதுவார்கள் என்பதால், உங்கள் வார்டில் தினமும் கையாளும் முப்பது மருந்துகளின் மூலப்பெயர்களைப் பிராண்டுகளுக்கு எதிரே எழுதிப் படித்தாலே பாதிச் சுமை இறங்கும்.

நாம் "எஸ்.ஓ.எஸ்." என்று எழுதும் தேவைப்பட்டால் தரும் மருந்து இங்கே "பி.ஆர்.என்.", எஸ்.ஓ.எஸ். என்றால் யாருக்கும் புரியாது. அதற்குத் தனிப்பகுதி உண்டு, அதில் கடைசியாக எப்போது தரப்பட்டது, இரு வேளைகளுக்கு இடையே எத்தனை மணி, 24 மணி நேரத்துக்கு உச்ச அளவு எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்த பிறகே தர வேண்டும். மைக்ரோகிராம், யூனிட் ஆகிய இரண்டையும் சுருக்காமல் முழுச்சொல்லாக எழுத வேண்டும். இன்சுலினுக்கு அருகே போட்ட சுருக்கெழுத்தைச் சுழியமாகப் படித்துப் பத்து மடங்கு தந்துவிடும் ஆபத்து அதற்குக் காரணம். கையெழுத்து, நோயாளி மருந்தை விழுங்கியதைப் பார்த்த பிறகு. ஷிஃப்ட் முடிவில் உட்கார்ந்து வரிசையாகக் கையெழுத்துப் போடும் வழக்கம் உங்களிடம் இருந்தால், அதை இன்றே விட்டுவிடுங்கள், தேர்வுக்காக மட்டும் அல்ல.

கடைசி நிலையத்தில் ஒப்படைப்பை 'எஸ்பார்' வரிசையில் சொல்ல வேண்டும்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. நாம் கதையை அட்மிஷன் நாளிலிருந்து தொடங்குவோம். இங்கே முதல் வாக்கியத்திலேயே இப்போதைய நிலை வர வேண்டும். "இவர் 62 வயது நோயாளி, நெஞ்சுத் தொற்று, நியூஸ் 2 மொத்தம் 8, அது 2 லிட்டர் ஆக்சிஜனில்" என்பது தொடக்கம். அடுத்து, எப்போது வந்தார், பெனிசிலின் ஒவ்வாமை. அடுத்து ஒவ்வோர் அளவீடும், நீங்கள் செய்ததும், நிறுத்திவைத்த மருந்தும். கடைசியில் அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பது. அதைச் சொல்ல நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். மருத்துவருக்கு நாம் சொல்வதா என்ற தயக்கம் ஊறிப்போயிருக்கிறது. "மாற்று ஆன்டிபயாட்டிக் இன்னும் எழுதப்படவில்லை, உடனே வந்து பார்க்க வேண்டும்" என்று சொல்லாவிட்டால் ஒப்படைப்பு பாதியில் நிற்கிறது.

சொற்களில் அகராதி அளவுக்குப் படிக்க வேண்டியதில்லை. பாராசிட்டமால், அட்ரினலின், சால்பியூட்டமால் எல்லாம் நாம் சொல்வது போலவே இங்கேயும். அமெரிக்கத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத்தான் அந்தப் பெயர்கள் மாறும். ஆனால் சில சொற்கள் தவறான பொருள் தரும். "ஒரு பைண்ட் என்.எஸ்." என்றால் நமக்கு 500 மில்லி சலைன் பாட்டில், பிரிட்டனில் பைண்ட் என்பது 568 மில்லி, அதுவும் பாலுக்கும் பீருக்கும். எனவே மில்லிலிட்டரில் மட்டும் எழுதுங்கள். வாய்வழியாக எதுவும் தரக் கூடாது என்பதற்கு நாம் எழுதும் "என்.பி.ஓ." இங்கே "நில் பை மவுத்". "மோஷன் போனார்" என்பது இங்கே "பவல்ஸ் ஓபன்ட்", அதோடு மலத்தின் தன்மைக்கு பிரிஸ்டல் அளவில் 1 முதல் 7 வரை ஓர் எண். "சிஸ்டர்" என்றால் எல்லாச் செவிலியரும் அல்ல, வார்டின் பொறுப்பாளர். "கம்ப்ளெயின்ட்" என்ற சொல்லுக்கு மட்டும் தனி எச்சரிக்கை: "நோ கம்ப்ளெயின்ட்ஸ்" என்று நீங்கள் உடல் உபாதை இல்லை என்ற பொருளில் எழுதினால், நிர்வாகத்திடம் அவர் புகார் எதுவும் தரவில்லை என்று படிப்பவர்கள் உண்டு. "வலி இருப்பதாகச் சொல்கிறார், பத்துக்கு 6" என்று எழுதுவது நல்லது.

பத்து வாரத்தில் முதல் மூன்றை நியூஸ் 2 தாளுக்குக் கொடுங்கள். ராயல் காலேஜ் தளத்தில் அந்தத் தாள் இலவசமாகக் கிடைக்கிறது. வண்ணத்தில் இருபது பிரதி எடுத்து, வீட்டில் இருப்பவர்களின் மூச்சையும் நாடியையும் தினமும் எண்ணிக் குறித்துக் கூட்டுங்கள். எண்களை எழுதாமல் புள்ளி வைத்துக் கோடிழுக்க வேண்டிய கட்டங்கள் எவை, எண்ணாகவே எழுத வேண்டியவை எவை என்பது கைக்கு வந்துவிடும். அடுத்த நான்கு வாரங்களில், இப்போது வேலை பார்க்கும் வார்டில் உள்ள ஒரு நோயாளியை மனதில் வைத்து, பெயரோ அடையாளமோ இல்லாமல், தினம் ஒரு பராமரிப்புத் திட்டத்தைக் கடிகாரம் வைத்துக் கையால் எழுதுங்கள். கணினியில் தட்டச்சுச் செய்து பழகாதீர்கள்; தேர்வில் கையெழுத்துப் புரியவில்லை என்றால் எழுதியதே இல்லை என்றாகும். எஞ்சிய வாரங்கள் மருந்துத் தாளுக்கும் ஒப்படைப்புக்கும். தோழி ஒருவரிடம் தாளில் ஒரு பிழையை ஒளித்துவைக்கச் சொல்லுங்கள்: ஏற்கெனவே தந்த வேளை, கையெழுத்து இல்லாத உத்தரவு, பொருந்தாத பிறந்த தேதி, எதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வரை மாத்திரைப் பெட்டியைத் தொடக் கூடாது.